2:47-க்கு எரிந்த விளக்கு

மாயவரத்தில் இருக்கும் என் சித்தி போன மாதம் ஒரு காலைப்பொழுதில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கூடவே ஒரு குரல் செய்தி: "இதைக் கொஞ்சம் பாருப்பா. ராத்திரி ரெண்டே முக்காலுக்குக் கொல்லை விளக்கு தானா எரியுது. இந்த வாரத்துல இது மூணாவது தடவை. உங்க சித்தப்பா ஒவ்வொரு தடவையும் டார்ச்சை எடுத்துக்கிட்டு கொல்லைக்குப் போயிடறார். எனக்குப் பயமா இருக்கு." சித்தப்பாவுக்கு 71 வயது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டில் விளக்கு, மோட்டார், கதவு சென்சார் எல்லாவற்றையும் ஒரு ஆப்புக்குள் கொண்டுவந்தவன் நான். அதனால் அந்தப் படத்தை வரி வரியாகப் படிக்க வேண்டிய பொறுப்பும் என்னுடையதுதான்.

படத்தில் மூன்று சங்கதிகள் இருந்தன. மேலே ஹப் என்ற தலைமைப் பெட்டியின் பெயருக்குக் கீழே Weak என்றும் -81 dBm என்றும் சிவப்பில் எழுதியிருந்தது. நடுவில் பதினொரு கருவிகளின் கட்டங்கள். அவற்றில் நான்கு சாம்பல் நிறமாகி Offline என்று காட்டின. கீழே நடந்தவற்றின் பட்டியல். அதில் 2:47-க்கு "கொல்லை விளக்கு" ஆட்டோமேஷன் இயங்கியதாகவும், முந்தின நாள் பகல் 11:30-க்கு மோட்டார் ஓடியதாகவும் இருந்தது. மோட்டாருக்கு நாங்கள் வைத்திருந்த நேரம் காலை 6 மணி.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது "பெட்டி பழுது, மாற்றிவிடலாம்" என்றுதான் தோன்றும். சித்தியும் பக்கத்துக் கடையில் அதைத்தான் கேட்டு வந்திருந்தார். ஆனால் படத்திலிருந்த நேரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது வேறு கதை கிடைத்தது.

முதலில் நான் பார்த்தது ஆப்பை அல்ல, படத்தின் உச்சியிலிருந்த மெல்லிய பட்டையை. மணி காலை 7:52. பக்கத்தில் வைஃபை குறி இல்லை, 4G என்றிருந்தது. அதாவது சித்தியின் போன் வீட்டு வைஃபையில் இல்லை. மொபைல் இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு, அது கடைசியாகத் தெரிந்துவைத்திருந்த நிலையைக் காட்டிக்கொண்டிருந்தது. இப்படி எடுத்த படம் பழைய படமாக இருக்கலாம். எனவே போனை வீட்டு வைஃபையில் சேர்த்து, ஆப்பை முழுக்க மூடித் திறந்து, பத்து நிமிடம் கழித்து இன்னொரு படம் அனுப்பச் சொன்னேன். இரண்டாவது படத்திலும் அதே நான்கு கட்டங்கள் சாம்பல்தான். ஆகவே படம் பழையதல்ல.

அடுத்தது அந்த -81. இது ஹப்புக்கும் வைஃபை ரூட்டருக்கும் இடையே சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதற்கான அளவு. கழித்தல் குறி இருப்பதால் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் மெலிகிறது. இந்தக் கணக்கில் 10 குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிடும். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. ஒரே அறையில் இருந்தால் -45, -50 என்று காட்டும். -61 நல்ல இணைப்பு. -81 என்பது அதில் நூறில் ஒரு பங்கு. தொடர்பு அறுவதும் ஒட்டுவதுமாக இருக்கும் எல்லை அது.

ஆனால் நான்கு கருவிகள் காணாமல் போனதற்கு அந்த -81 காரணமில்லை. வீட்டில் இரண்டு தனித்தனி வலைகள் இருக்கின்றன. ஹப் ரூட்டரோடு பேசுவது வைஃபையில். ஹப் சென்சார்களோடும் பிளக்குகளோடும் பேசுவது ஜிக்பீ என்ற வேறொரு வானொலி முறையில். ஹப்புக்கும் ரூட்டருக்கும் உள்ள இணைப்பு அறுந்தால் பதினொன்றும் ஒன்றாக மறையும். நான்கு மட்டும் மறையாது. ஏழு கருவிகள் நலமாக இருக்கும்போது நான்கு மட்டும் சாம்பலாகியிருந்தால், கோளாறு ஜிக்பீ பக்கம் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எல்லாம் போயிற்றா, சிலது மட்டும் போயிற்றா? சிலது என்றால், எவை?

அந்த நான்கு இவை: கூடத்தில் டிவிக்குப் போட்ட ஸ்மார்ட் பிளக், அடுக்களையிலும் மாடிப்படியிலும் உள்ள இரண்டு அசைவு சென்சார்கள், மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்ட சென்சார். சித்தி வீடு பழைய காலத்து நீள வீடு. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று தெருவிலிருந்து பின்பக்கம் வரை ரயில்பெட்டி போல நீண்டிருக்கும். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. ஹப் இருப்பது ரேழியில். சாம்பலான மூன்று சென்சார்களும் கூடத்துக்கு அப்பால், வீட்டின் பின்பாதியில் இருக்கின்றன. கூடத்து பிளக் நடுவில்.

ஜிக்பீயில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பிளக், பல்பு, சுவிட்ச் பெரும்பாலானவை தங்கள் வேலையோடு, பக்கத்தில் இருப்பவற்றின் செய்தியையும் கைமாற்றி அனுப்பும். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் அப்படிச் செய்யாது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அவை பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அந்த வீட்டில் கொல்லைக்கும் ரேழிக்கும் நடுவே தூது போகிற ஆள் கூடத்து பிளக் ஒன்றுதான். அது விழுந்தால் அதன் பின்னால் இருப்பவை எல்லாம் விழும்.

அது எப்போது விழுந்தது? இங்கேதான் ஆப் நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு, உள்ளே இருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பிளக் ஆஃப்லைன் ஆன நேரம் நள்ளிரவு 12:03. மூன்று சென்சார்களும் ஆஃப்லைன் ஆன நேரம் 3:32, 3:41, 3:56. இதைப் பார்த்து சித்தி இன்னும் பயந்துபோனார். "நடுராத்திரி மூணரை மணிக்கு யாரோ என்னவோ பண்ணியிருக்காங்க" என்றார்.

ஆஃப்லைன் என்றால் அந்தக் கருவி அந்த நிமிடத்தில் செத்தது என்று பொருளில்லை. "இதனிடமிருந்து இவ்வளவு நேரமாக ஒரு சத்தமும் இல்லை" என்று ஹப் கைவிட்டுவிட்ட நேரம் அது. எவ்வளவு நேரம் பொறுத்திருந்து கைவிடும் என்பது ஆப்புக்கு ஆப் மாறும். ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளில் ஜிக்பீயைக் கவனிக்கும் ZHA என்ற பகுதி, மின்சாரத்தில் ஓடும் கருவிக்கு 2 மணி நேரமும் பேட்டரிக் கருவிக்கு 6 மணி நேரமும் பொறுக்கும். அதே வேலையைச் செய்யும் Zigbee2MQTT முன்னதற்கு 10 நிமிடமும் பின்னதற்கு 25 மணி நேரமும் வைத்திருக்கிறது. அமைப்பில் நாம் கைவைக்காதவரை இதுதான் கணக்கு. எனவே பார்க்க வேண்டியது Last seen என்று இன்னும் சின்ன எழுத்தில் இருக்கும் நேரத்தை. அது கருவி கடைசியாகப் பேசிய நேரம்.

அந்த நேரங்களைத் தாளில் எழுதினேன். தொட்டி 9:32. அடுக்களை 9:41. மாடிப்படி 9:56. பிளக் 10:03. நான்குமே முந்தின இரவு. சென்சார்களின் நேரத்தோடு 6 மணியும் பிளக்கின் நேரத்தோடு 2 மணியும் கூட்டினால், ஆப் காட்டிய ஆஃப்லைன் நேரம் அப்படியே வருகிறது. மூன்றரை மணிக்கு அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. நடந்தது இரவு 10:03-க்கு. அதற்குப் பிறகு பின்கட்டிலிருந்து இந்த மூன்றும் பேசவே இல்லை.

"சித்தி, ராத்திரி பத்து மணிக்குக் கூடத்துல என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? சித்தப்பா டிவியை அணைச்சுட்டுப் படுக்கப் போவார்."

"ரிமோட்டுலயா, சுவத்து சுவிட்ச்லயா?"

"சுவத்துலதான். ராத்திரி இடி மின்னல் வந்தா டிவி போயிடும்னு பிளக் பாயிண்டையே அணைச்சுடுவார். சாயங்காலம் நியூஸ் பார்க்கத்தான் திரும்பப் போடுவார்."

நம் ஊர்ச் சுவரில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் தனி சுவிட்ச் இருக்கிறது. படுக்கப் போகும்போது அதை அணைப்பது நல்ல பழக்கம். நாற்பது வருடமாக அவர் அதைச் செய்து வருகிறார். தூது போகிற கருவியை அந்தப் பாயிண்டில் செருகி வைத்தது என் தவறு. இரவு பத்து மணியிலிருந்து மறுநாள் சாயங்காலம் வரை பின்கட்டுக்கு வழியே இல்லாமல் போயிருக்கிறது. "சாயங்காலம் பார்த்தா எல்லாம் தானா சரியாயிடுது" என்று சித்தி முன்பு சொன்னதற்கும் பொருள் அப்போதுதான் விளங்கியது. இதற்கிடையே அவர் மூன்று சென்சார்களுக்கும் CR2032 பேட்டரி மாற்றியிருந்தார். மூன்று பேட்டரிகள் அரை மணி நேரத்துக்குள் ஒன்றாகத் தீர்ந்துபோவது நடக்கக்கூடிய காரியமில்லை. அவற்றோடு மின்சாரத்தில் ஓடும் பிளக்கும் சாம்பலானது என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கவே வேண்டாம்.

இனி 2:47. பட்டியலில் அந்த நிமிடத்தில் மூன்று வரிகள் இருந்தன. கொல்லைக் கதவு ஆன்லைன். கொல்லைக் கதவு மூடியிருக்கிறது. "கொல்லை விளக்கு" இயங்கியது. "திறந்தது" என்ற வரி எங்கும் இல்லை.

கொல்லைக் கதவின் சென்சாரும் பின்கட்டில்தான் இருக்கிறது. காலையில் எடுத்த படத்தில் அது சாம்பலாக இல்லை என்பதால் முதலில் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், இரவில் அதுவும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறது. கதவை அசைக்காவிட்டாலும் இரண்டு மணிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லும் வகை அது. கடைசியாக 8:31-க்குச் சொல்லியிருக்கிறது. அடுத்தது 10:31-க்குச் சொல்லியிருக்க வேண்டும். தூது பத்து மணிக்கே போய்விட்டது. 8:31-லிருந்து ஆறு மணி நேரம் கழித்து 2:31-க்கு ஹப் அதை ஆஃப்லைன் என்று குறித்தது. வேறு வழி தேடிக்கொண்டே இருந்த சென்சார், ரேழியிலிருந்து மெலிதாக வந்த ஹப்பின் சிக்னலையே 2:47-க்குப் பிடித்து மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் "கதவு மூடியிருக்கிறது" என்று தன் நிலையைச் சொன்னது.

விளக்குக்கு நான் எழுதியிருந்த விதி: "கொல்லைக் கதவின் நிலை மாறினால் விளக்கை ஐந்து நிமிடம் எரியவிடு." நிலை மாறினால் என்று எழுதும்போது என் மனதில் இருந்தது மூடிய கதவு திறப்பதும் திறந்த கதவு மூடுவதும்தான். ஆனால் ஹப்புக்கு மூன்றாவதாக ஒரு நிலை உண்டு: தெரியவில்லை. தெரியவில்லை என்பதிலிருந்து மூடியிருக்கிறது என்று மாறியதும் அதன் கணக்கில் மாற்றம்தான். எழுதிக்கொடுத்ததை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

விளக்கு எரிந்த மற்ற இரண்டு இரவுகளின் நேரம் கேட்டேன். 3:20, 4:05. பத்து மணிக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள், அதாவது எட்டிலிருந்து பத்துக்குள், சென்சார் எப்போதாவது ஒருமுறை பேசியிருக்கும். அதோடு ஆறு மணி கூட்டினால் அதிகாலை இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் அது ஆஃப்லைன் ஆகும். திரும்ப ஒட்டுவது அதற்குச் சற்றுப் பின்னால். ஆகவே விளக்கு எரிந்தால் இரண்டு மணிக்கு மேல்தான் எரியும். சில இரவுகளில் ஆறு மணி நேரம் கழிவதற்குள்ளேயே சென்சார் வழி கண்டுபிடித்திருக்கும். அன்று விளக்கு எரியாது. அதனால்தான் தினமும் நடக்கவில்லை.

திருடன் வரவில்லை என்று இதை வைத்து உறுதியாகச் சொல்லிவிடலாமா? சித்தியிடம் நான் சொன்னது இதுதான்: 2:47-க்குக் கதவு திறக்கவில்லை, அது நிச்சயம். ஆனால் பத்து மணிக்கும் 2:47-க்கும் நடுவே சென்சாருக்கு வழி இல்லாதபோது யாராவது திறந்து மூடியிருந்தால் அது பட்டியலில் வந்திருக்காது. அதைத் தாழ்ப்பாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்தார், உள்பக்கத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

மோட்டார் விஷயம் வேறு. அதையும் இதோடு முடிச்சுப் போட்டிருந்தால் கடைசிவரை கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரு வாரப் பட்டியலை மேலே தள்ளிப் பார்த்தபோது மோட்டார் ஒவ்வொரு நாளும் சரியாக 11:30-க்கு ஓடி 11:50-க்கு நின்றிருந்தது. விளக்கு போல முன்னே பின்னே இல்லை. வைத்திருந்த நேரம் 6:00-லிருந்து 6:20 வரை. வித்தியாசம் ஐந்தரை மணி நேரம், ஒரு நிமிடம்கூடப் பிசகாமல். கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளி 5:30. காலை 6 மணி என்பதை ஹப் உலகப் பொது நேரத்தில் படித்திருக்கிறது. அது நமக்குப் பகல் 11:30.

போன மாதம் வீட்டுக்குப் புது ஃபைபர் இணைப்பு வந்திருந்தது. கம்பி கொண்டுவர வசதி என்று ரூட்டரை மாடி முன்னறையில் மாட்டிவிட்டார்கள். புது வைஃபையில் சேர்ப்பதற்காக, வந்தவர் ஹப்பை ரீசெட் செய்து மறுபடி இணைத்திருக்கிறார். அந்தச் சமயத்தில் வீட்டின் இருப்பிடத்தை யாரும் குறிக்கவில்லை. நேர மண்டலம் உலகப் பொது நேரத்துக்குப் போய்விட்டது. ஹப்பின் சிக்னல் -81 ஆனதும் ரூட்டர் மாடியேறியதால்தான். சித்தியின் போனில் மணி சரியாகவே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பட்டியலில் உள்ள நேரத்தைப் போன் தன் கடிகாரத்துக்கு மாற்றிக் காட்டும். விதி ஓடுவது ஹப்பின் கடிகாரத்தில்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகள் ஊர் வீட்டை அங்கிருந்தே ஆப்பில் அமைக்கும்போது இதே தவறு வேறு கணக்கில் வரும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். வீட்டின் இருப்பிடத்தைக் குறிக்காமல் போனின் மண்டலத்தையே ஆப் எடுத்துக்கொண்டால், காலை 6 மணிக்கு வைத்த மோட்டார் ஊரில் அதிகாலை 3:30-க்கு ஓடும். நேரம் எப்போதும் ஒரே அளவில் தப்பினால் கடிகாரம்; நாளுக்கு ஒரு நேரமாகத் தப்பினால் இணைப்பு அல்லது விதி. படத்தை அனுப்பும் எவரிடமும் நான் ஒரு நாள் பட்டியலோடு நிற்காமல் ஒரு வாரத்தைக் கேட்பது இதற்காகத்தான்.

மோட்டாரில் எனக்கு உண்மையாகவே கவலை தந்த ஒன்று உண்டு. காலையில் தண்ணீர் ஏறவில்லையே என்று சித்தி கையால் மோட்டாரைப் போட்டு நிரப்பிவிடுவார். 11:30-க்கு அது மறுபடி ஓடும். நிரம்பிய தொட்டி இருபது நிமிடம் வழிந்திருக்கிறது. தொட்டி 90 சதவீதம் தாண்டினால் மோட்டாரை நிறுத்து என்று தனி விதி இருந்தும் அது ஏன் தடுக்கவில்லை? படத்தில் தொட்டிக் கட்டத்தை மறுபடி பாருங்கள்: சாம்பல் நிறத்துக்கு நடுவே 40% என்று எழுதியிருக்கிறது. முந்தின இரவு 9:32-க்குச் சொன்ன அளவு. அதற்குப் பின் சென்சார் பேசவில்லை, ஆப் பழைய எண்ணை அப்படியே மாட்டி வைத்திருக்கிறது. விதியும் அந்த 40-ஐ நம்பி உட்கார்ந்திருந்தது. சாம்பல் கட்டத்துக்குள் தெரியும் எந்த எண்ணையும், எந்த "மூடியிருக்கிறது" என்ற சொல்லையும் இப்போதைய நிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாயவரம் போனேன். முதல் வேலையாகக் கூடத்து பிளக்கைக் கழற்றி, அடுக்களையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துப் பாயிண்டில் செருகினேன். வீட்டில் யாரும் ஒருபோதும் அணைக்காத சுவிட்சுகள் அந்த மூலையில்தான் இருக்கின்றன. ஃபிரிட்ஜை அதில் மாட்டவில்லை. பிளக் அங்கே சும்மா இருந்து தூது போனால் போதும். சித்தப்பா தன் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. சென்சார்கள் புது வழியைக் கண்டுகொள்ள ஒரு இரவு விட்டுவைத்தேன்.

ஹப்பை மாடிப்படி அருகே, ரூட்டருக்கு நேர் கீழே, மர அலமாரியின் மேல் வைத்தேன். -81 என்பது -59 ஆனது. இருப்பிடத்தில் மயிலாடுதுறையைக் குறித்து, நேர மண்டலம் Asia/Kolkata என்று வந்திருக்கிறதா பார்த்தேன். அதை நம்பிவிடாமல், ஐந்து நிமிடம் தள்ளி ஒரு விளக்குக்கு நேரம் வைத்துக் காத்திருந்தோம். சொன்ன நிமிடத்தில் எரிந்தது. கதவு விதியை "மூடியிருந்தது திறந்தால்" என்று இரு முனையும் குறித்துத் திருத்தி எழுதினேன். இனி "தெரியவில்லை" என்பதிலிருந்து வரும் எதற்கும் விளக்கு எரியாது.

மோட்டாருக்கு மட்டும் இன்னொன்று செய்தேன். நிறுத்தும் கட்டளை ஹப்பிலிருந்து காற்று வழியாகப் போக வேண்டியது. ஏதாவது ஒருநாள் போய்ச் சேராமல் இருக்கலாம். அதனால் மோட்டார் சுவிட்சின் அமைப்புக்குள்ளேயே, போட்டு 25 நிமிடமானால் தானாக அணையும்படி வைத்தேன். அந்தக் கணக்கு சுவிட்சுக்குள் ஓடுகிறது. ஹப்போ இணையமோ இல்லாவிட்டாலும் நிற்கும். நீர்மட்ட விதியில், தொட்டி சென்சார் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசாமலிருந்தால் மோட்டாரைத் தொடங்காதே என்றும், சித்திக்கு ஒரு அறிவிப்பு அனுப்பு என்றும் சேர்த்தேன்.

பத்து நாள் கழித்து சித்தி மறுபடி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். இந்த முறை மேலே வைஃபை குறி இருந்தது. சாம்பல் கட்டம் ஒன்றுமில்லை. மோட்டார் 6:00, 6:20. நடுராத்திரியில் ஒரு வரியும் இல்லை. 5:12-க்கு மட்டும் "கொல்லைக் கதவு திறந்தது", அதன் கீழே "கொல்லை விளக்கு இயங்கியது" என்று இருந்தது.

"அது நான்தான்," என்று எழுதியிருந்தார். "பூப் பறிக்கப் போனேன்."